சளி பிடிச்சா எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்பு? (முதல் பதிலை நம்பாதீங்க)

கெட்டில்மட்டும் | 11 நவம்பர், இரவு 9.12

பெருங்குடியில பி.ஜி.ல இருக்கேன். ரெண்டு நாளா ஜலதோஷம். நேத்து காய்ச்சல் 99.8, இன்னைக்கு இல்லை. பசி சுத்தமா இல்லை, மெஸ் சாம்பார் வாளியைப் பார்த்தாலே திரும்பி வந்துடறேன். ரூம்ல இருக்கறது ஒரு கெட்டில், ஒரு கப், ஆறு பாக்கெட் சூப். பாக்கெட் பின்னாடி ஒரு கப்புக்கு சோடியம் 700 மி.கி.ன்னு போட்டிருக்கு. அது நிறையவா, கம்மியா? தண்ணி எவ்வளவு குடிக்கணும்? ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா ஏதாவது ஆகுமா? வயசு 24. வேற வியாதி, மாத்திரை எதுவும் கிடையாது.

ரசவாதி | 11 நவம்பர், இரவு 9.40

மூணு லிட்டர். ஒரு சொட்டு குறையக் கூடாது. ஒண்ணுக்குப் போறப்ப கலரைப் பாருங்க. மஞ்சளா இருந்தா தண்ணி பத்தலைன்னு அர்த்தம், பச்சைத் தண்ணி மாதிரி வர்ற வரைக்கும் குடிக்கணும். சூப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்க, அத்தனையும் உப்பு. வெந்நீர், மிளகு, துளசி போதும். எங்க வீட்ல 15 வருஷமா சளி டிபார்ட்மென்ட் நான்தான், அனுபவத்துல சொல்றேன்.

*(திருத்தம், 19 நவம்பர்: மேலே எழுதினதுல பாதிக்கு மேல தப்பு. அழிச்சா கீழே நடக்கற பேச்சு புரியாதுன்னு விட்டு வச்சிருக்கேன்.)*

வெந்நீர்கட்சி | 11 நவம்பர், இரவு 10.05

லங்கணம் பரம ஔஷதம். பசி இல்லைன்னா உடம்பு சாப்பாடு வேண்டாம்னு சொல்லுது, கேளுங்க. மூணு நாள் வெந்நீர் மட்டும். சூடு பட்டாத்தான் சளி உருகும். கிருமியும் சாகும்.

நைட்டூட்டி | 12 நவம்பர், காலை 6.20

டூட்டி முடிச்சு பஸ்ல இருந்து எழுதறேன். மெடிக்கல் வார்டுல 22 வருஷம்.

ரசவாதி சார், அந்த மூணு லிட்டர் யாருக்கு? 24 வயசுப் பொண்ணுக்கா, 74 வயசுப் பாட்டிக்கா? ரெண்டு பேருக்கும் ஒரே அளவு சொல்றதுதான் எனக்குப் பிடிக்கலை.

கெட்டில் பாப்பா, உங்களுக்கு தாகம்தான் அளவு. வாய் வழியா மூச்சு விடறதுல நாக்கு காயும், காய்ச்சல் இருந்தா வேர்வையில கொஞ்சம் போகும், அதனால வழக்கத்தைவிட ரெண்டு டம்ளர் சேர்த்துக்குங்க. ஆறேழு மணி நேரமா ஒண்ணுக்கே வரலை, எழுந்து நின்னா கண்ணு இருட்டுதுன்னா அப்ப தண்ணி பத்தலை. சூப் தாராளமா குடிங்க. 700 மி.கி. சோடியத்தை ரெண்டரையால பெருக்கினா உப்பு வரும், அதாவது ஒண்ணே முக்கால் கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூணு கப் குடிச்சா தாண்டிடும்தான், ஆனா நீங்க வேற எதுவும் சாப்பிடலை, பிரஷரும் இல்லை. மூணு நாளைக்கு இதுல ஒண்ணும் ஆகாது. மாசம் முழுக்க ராத்திரிச் சாப்பாடே அதுதான்னா அப்ப நான் சண்டைக்கு வருவேன்.

வெந்நீர் அண்ணா, வயித்துக்குள்ள போற தண்ணி மூக்குல இருக்கற கிருமியை எப்படிக் கொல்லும்?

வெந்நீர்கட்சி | 12 நவம்பர், காலை 8.15

ஆவி போகுமே.

கெட்டில்மட்டும் | 12 நவம்பர், மதியம் 1.30

தேங்க்ஸ் சிஸ்டர். ஒரு கப் சூப் குடிச்சேன். பாக்கெட்ல தக்காளின்னு போட்டிருக்கு, எனக்கு உப்பும் புளிப்பும் மட்டும்தான் தெரிஞ்சுது. ஆனா அது ஒண்ணுதான் உள்ள இறங்குச்சு.

ரசவாதி | 12 நவம்பர், மாலை 5.50

அதுக்குக் காரணம் இருக்கு. நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு வாசனை, அது மூக்கு வேலை. மூக்கு அடைச்சா நாக்கு தனியா நிக்கும். அதுக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு இந்த மாதிரி நாலஞ்சுதான் தெரியும். காரம் எரிச்சலா தனியா உறைக்கும். அதனாலதான் சளி நேரத்துல இட்லி பஞ்சு மாதிரி இருக்கும், ரசம் மட்டும் ஏதோ சொல்லும்.

எனக்குச் சளி இருந்தப்ப நான் வச்ச ரசத்தைப் பத்தி ஒரு கதை. தாளிச்சு இறக்கி, ருசி பார்த்தா சப்புன்னு இருந்துச்சு. ஒரு சிட்டிகை போட்டேன். மறுபடி சப்பு. இன்னும் ரெண்டு சிட்டிகை. வீட்ல எல்லாரும் ஒரு வாய் வச்சு டம்ளரைக் கீழே வச்சாங்க. பெருங்காயமும் மல்லித்தழையும் எனக்குத் தெரியலைங்கறதை உப்புக் குறைச்சல்னு நினைச்சுட்டேன். சளிக்காரன் சமைச்சா உப்பை அளந்து போடணும், ருசி பார்த்துப் போடக் கூடாது. ஒரு லிட்டர் ரசத்துக்கு தலை தட்டின ஒரு டீஸ்பூன், அதோட கையை எடுத்துடணும்.

சூப்பைக் குப்பையில போடச் சொன்னதை வாபஸ் வாங்கறேன். மூணு லிட்டரை வாங்க மாட்டேன்.

பழையபேப்பர் | 12 நவம்பர், இரவு 11.10

மருந்துக் கம்பெனி ரெப்பா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிற கெட்ட பழக்கம் இன்னும் போகலை.

1978ல் மயாமியில ஆரோக்கியமா இருந்த கொஞ்சம் பேருக்கு வெந்நீர், குளிர்ந்த தண்ணி, சூடான கோழி சூப் மூணையும் தனித்தனியாக் குடுத்து, மூக்குச் சளி எவ்வளவு வேகமா நகருதுன்னு அளந்தாங்க. சூடா குடிச்சப்ப வேகம் கூடுச்சு, சூப் கொஞ்சம் மேல. ஆனா அரை மணி நேரத்துல அந்த ரெண்டும் பழையபடி. ஆக வெந்நீர் அண்ணன் கட்சி அரை மணி நேரம் ஆட்சியில இருக்கும்.

இன்னொண்ணு. "நிறையத் தண்ணி குடிங்க"ன்னு எல்லா டாக்டரும் சொல்றாங்களே, அதுக்கு ஆதாரம் இருக்கான்னு 2004ல் சிலர் தேடி பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. நிறையக் குடிச்சவங்களையும் சாதாரணமாக் குடிச்சவங்களையும் ஒப்பிட்டு முறையா நடத்தின சோதனை ஒண்ணுகூட அவங்க கையில அகப்படலை. நுரையீரல் தொற்று இருக்கறவங்களுக்கு ரத்தத்துல சோடியம் இறங்கற ஆபத்து இருக்குன்னும் எழுதியிருந்தாங்க.

ரசவாதி | 13 நவம்பர், காலை 7.05

சோதனை இல்லைன்னா தப்புன்னு ஆயிடுமா? தண்ணி குடிச்சு யாராவது கெட்டுப் போனாங்களா சார்?

இதுக்கு நடுவுல எங்க அம்மாவுக்குத் தொத்திக்கிச்சு. வயசு 72. தும்மல், மூக்கு ஒழுகல், லேசா உடம்பு வலி. காய்ச்சல் 99.4. டிபார்ட்மென்ட் திறந்தாச்சு.

ரசவாதி | 14 நவம்பர், இரவு 8.30

நிலவரம். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்ல சீரகத் தண்ணி, கட்டில் பக்கத்துல. காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அது போக காபி ரெண்டு. பிரஷர் இருக்கறதால கஞ்சி உப்பில்லாம. காலையில இட்லி ஒண்ணரை, ராத்திரி ஒண்ணுமில்லை. மூக்கு ஒழுக்குக்கு மெடிக்கல்ல சளி மாத்திரை வாங்கிக் குடுத்தேன். தெம்புக்கு பி காம்ப்ளெக்ஸ். அம்மாவுக்கு வாய் உலர்ந்து போகுதாம், கேட்டுக் கேட்டுக் குடிக்கறாங்க. நல்லதுதான்.

ஸ்கார்பரோ_கந்தையா | 15 நவம்பர், காலை 6.45

எங்கட பக்கம் இதைத் தடிமன் எண்டு சொல்லுவம். கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, அவிச்சுக் குடிக்கிறனாங்கள். அம்மா ஒரு பேணி தருவா, ரெண்டாவது கேட்டாலும் தரமாட்டா. இஞ்ச குளிர்காலத்தில வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டா காத்துக் காய்ஞ்சு போகும், விடிய எழும்பேக்க நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதுக்குத் தண்ணி குடிச்சுக் கொண்டே இருந்தா இரவில நாலு தரம் எழும்ப வேணும், நித்திரை போயிடும். நான் இப்ப படுக்கிறதுக்கு ரெண்டு மணித்தியாலம் முந்தியே நிப்பாட்டிப் போடுவன். தடிமனுக்கு நித்திரையை விடப் பெரிய மருந்து நான் காணேல்ல.

சுகர்_14வருஷம் | 15 நவம்பர், காலை 9.20

லங்கணம்னு எழுதின அண்ணனுக்கு ஒரு வார்த்தை. போன வருஷம் சளியில பசி இல்லாம காலை டிபனை விட்டுட்டேன். கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழக்கத்துல போட்டுட்டேன். 11 மணிக்குக் கை நடுங்குது, சட்டை நனைஞ்சு போச்சு. குத்திப் பார்த்தா 54. பக்கத்து சீட் தம்பி டீக்கடைக்கு ஓடி, சர்க்கரை மூணு ஸ்பூன் போட்டு டீ வாங்கிட்டு வந்தான், பொழச்சேன். பிறகு டாக்டர் சொன்னார், சாப்பாடு இறங்காத நாள்ல எந்த மாத்திரையைக் குறைக்கணும்னு சளி வர்றதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கணுமாம். இப்ப ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கேன்.

அம்மா_ஆகிட்டேன் | 15 நவம்பர், மதியம் 12.10

என் பொண்ணுக்கு எட்டு மாசம், மூக்கு அடைச்சிருக்கு. துளசிச் சாறுல தேன் கலந்து குடுக்கலாமான்னு மாமியார் கேக்கறாங்க. மூணு லிட்டர்னு போட்டிருக்கீங்க, குழந்தைக்கு எவ்வளவு?

நைட்டூட்டி | 15 நவம்பர், மதியம் 2.00

ஐயோ, அது பெரியவங்களுக்கு. குழந்தைக்குத் தாய்ப்பால்தான் தண்ணி, மூக்கு அடைச்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் நாக்குல தொட்டுக்கூட வைக்காதீங்க. பால் குடிக்க மறுக்குது, மூச்சு வாங்குது, டயபர் ரொம்ப நேரமா நனையலைன்னா அன்னைக்கே காட்டுங்க.

ரசவாதி | 15 நவம்பர், இரவு 9.15

அம்மாவுக்கு இன்னைக்கு சாப்பாடு சுத்தமா இறங்கலை, குமட்டுதாம். ஒண்ணுக்கு பளிச்சுன்னு மஞ்சளாப் போகுதுன்னு சொன்னாங்க. இவ்வளவு குடிச்சும் மஞ்சள்னா உடம்பு எவ்வளவு காய்ஞ்சிருக்கணும்! நாலாவது ஃபிளாஸ்க்கும் வச்சாச்சு. கந்தையா அண்ணே, எங்க அம்மாவும் ராத்திரி அஞ்சு தடவை எழுந்திரிச்சாங்க. அதான் பகல்ல தூங்கிட்டே இருக்காங்க போல.

ரசவாதி | 16 நவம்பர், இரவு 7.40

சிஸ்டர் இருக்கீங்களா? சாயங்காலம் சமையல்கட்டுல கேஸ் எரியுது, மேல பாத்திரமே இல்லை. அம்மா பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. என்னம்மான்னு கேட்டா, "அப்பா சாப்பிட்டாச்சா"ங்கறாங்க. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. காய்ச்சல் இல்லை. பிரஷர் 138/80. தலைவலின்னு சொன்னாங்க. சளி முத்திடுச்சா?

நைட்டூட்டி | 16 நவம்பர், இரவு 7.46

உடனே 108. சிரிக்கச் சொல்லி வாய் கோணுதான்னு பாருங்க, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க. ரெண்டும் சரியா இருந்தாலும் கிளம்புங்க. தினமும் போடற எல்லா மாத்திரை அட்டையையும் பையில போடுங்க. எத்தனை லிட்டர் குடிச்சாங்கன்னு டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லுங்க. சோடியம் பார்க்கச் சொல்லுங்க. வழியில தண்ணி குடுக்காதீங்க.

கெட்டில்மட்டும் | 16 நவம்பர், இரவு 8.30

அண்ணா, என்னாச்சு?

பழையபேப்பர் | 16 நவம்பர், இரவு 11.55

தகவல் சொல்லுங்கப்பா.

ரசவாதி | 17 நவம்பர், காலை 5.10

சோடியம் 121. இருக்க வேண்டியது 135லிருந்து 145. பக்கவாதமோன்னு தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்க, அதுல ஒண்ணுமில்லை. ஐ.சி.யூ.ல இருக்காங்க. மூணு சதவீத உப்புத் தண்ணியை மிஷின்ல சொட்டுச் சொட்டா ஏத்தறாங்க. சீக்கிரம் ஏத்துங்கன்னு கெஞ்சினேன். சீக்கிரம் ஏத்தினா மூளையில வேற கேடு வரும், 24 மணி நேரத்துல எட்டுக்கு மேல ஏற விட மாட்டோம்னாங்க.

டாக்டர் அட்டைகளைப் புரட்டிட்டு ஒண்ணைத் தனியா எடுத்து வச்சார். பிரஷர் மாத்திரை. கூடவே சின்ன எழுத்துல ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. அதுல நீர் மாத்திரையும் சேர்ந்திருக்குங்கறதே எனக்குத் தெரியாது. நாலு வருஷமா நான்தான் மெடிக்கல்ல வாங்கிட்டு வர்றேன்.

வெந்நீர்கட்சி | 17 நவம்பர், காலை 7.30

கடவுள் துணை இருப்பார் தம்பி. ஆனா ஒண்ணு புரியலை. நீர் மாத்திரை தண்ணியை வெளியே தள்ளும்தானே? அப்ப நிறையக் குடிக்கறதுதானே சரி? உப்பு குறைஞ்சதுன்னா வீட்லயே ஒரு ஸ்பூன் கரைச்சுக் குடுத்திருந்தா?

நைட்டூட்டி | 17 நவம்பர், இரவு 10.40

நல்ல கேள்வி அண்ணா, வார்டுல பாதிப் பேர் இதைத்தான் கேக்கறாங்க. கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

சோடியம் 121ன்னா உடம்புல உப்பு தீர்ந்து போச்சுன்னு நினைச்சுக்கறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. குழம்பு அதேதான், மேல நாலு சொம்பு தண்ணி ஊத்திட்டோம். நல்லா இருக்கற உடம்பு அந்தத் தண்ணியை சில மணி நேரத்துல வெளியே அனுப்பிடும். அம்மாவுக்கு மூணு பக்கமும் கதவு சாத்திக்கிச்சு. சளி, குமட்டல், வலி எல்லாம் சேர்ந்தா தண்ணியைப் பிடிச்சு வைன்னு மூளையிலிருந்து கிட்னிக்கு ஒரு ஹார்மோன் போகும். இந்த ரக நீர் மாத்திரை உப்பை வெளியே தள்ளும், ஆனா தண்ணியை மட்டும் தனியாப் பிரிச்சு விடற வேலையைக் கெடுத்துடும். மூணாவது, சாப்பாடு. ஒண்ணுக்கு வெறும் தண்ணியாப் போக முடியாது, கூடவே உப்பும் பருப்பு, பால், முட்டை செரிச்ச கழிவும் போயாகணும். ஒண்ணரை இட்லியும் உப்பில்லாத கஞ்சியும் சாப்பிட்டா அந்தச் சரக்கு எங்கிருந்து வரும்?

அதனால ஸ்பூன் உப்பு வேலைக்கு ஆகாது. மேல ஊத்தறதை நிறுத்தணும். குழம்பிப் போன ஆளுக்கு வாயில உப்புத் தண்ணி ஊத்தினா புரையேறும், வாந்தி எடுப்பாங்க, அதைச் செய்யவே கூடாது.

இதே சளி, இதே மூணு லிட்டர், கெட்டில் பாப்பாவுக்கு ஒண்ணும் பண்ணியிருக்காது. ராத்திரி பூரா பாத்ரூம் போயிருப்பா, அவ்வளவுதான்.

ரசவாதி தம்பி, ஒண்ணு கேக்கணும். பளிச்சுன்னு மஞ்சள்னு எழுதியிருந்தீங்களே, பி காம்ப்ளெக்ஸ் எப்ப ஆரம்பிச்சீங்க?

ரசவாதி | 18 நவம்பர், மதியம் 3.20

14ஆம் தேதி காலையில.

சிஸ்டர், அந்தக் கேள்வியைப் படிச்சுட்டு ஆஸ்பத்திரி படிக்கட்டுல அப்படியே உக்காந்துட்டேன். அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு எலுமிச்சை நிறத்துல போகும்னு எனக்கே தெரியும், நானே போட்டிருக்கேன். தண்ணி மிதமிஞ்சி இருந்த உடம்பு அது. நான் கலரைப் பார்த்து நாலாவது ஃபிளாஸ்க் வச்சேன். வாய் உலர்ந்ததுக்கும் தாகம் காரணம் இல்லையாம், சளி மாத்திரையில இருக்கற குளோர்பெனிரமின்னு டாக்டர் சொன்னார். அது வாயைக் காய வைக்கும், ஆளையும் மந்தமாக்கும். பகல் தூக்கத்தை நான் ஓய்வுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

இன்னைக்கு 127. என்னைப் பார்த்து "ஷேவ் பண்ணலையா"ன்னு கேட்டாங்க.

பழையபேப்பர் | 18 நவம்பர், மாலை 6.00

மாத்திரை போடாதவங்களுக்கும் கலர் ஒரு பக்கம்தான் பேசும். காலையில முதல் தடவை யாருக்கும் கொஞ்சம் மஞ்சளாத்தான் போகும். அடர்த்தியா, கொஞ்சமா, நாள் முழுக்க அப்படியே போனா தண்ணி பத்தலைன்னு எடுத்துக்கலாம். ஆனா மஞ்சளா இருக்கறதாலேயே உள்ள தண்ணி அதிகமில்லைன்னு சொல்லிட முடியாது. சிஸ்டர் சொன்ன ஹார்மோன் தண்ணியைப் பிடிச்சு வச்சா ஒண்ணுக்கு மஞ்சளாத்தானே இருக்கும்? அப்ப மாத்திரையை மட்டும் பழி சொல்லவும் முடியாது.

தண்ணி குடிச்சு யார் கெட்டுப் போனாங்கன்னு 13ஆம் தேதி என்கிட்ட கேட்டிருந்தீங்க. பதில் சொல்ல எனக்கு மனசு வரலை, விடுங்க.

ரசவாதி | 19 நவம்பர், இரவு 9.00

சொல்லலாம் சார், நானே கேட்டு வாங்கிக்கிட்டதுதானே. முதல் பதிலுக்குக் கீழே திருத்தம் போட்டாச்சு.

131. வார்டுக்கு மாத்திட்டாங்க. மொத்தமா ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான், காபி, ரசம் எல்லாம் அதுல சேர்த்தி. அம்மா என்னை முறைக்கறாங்க: "நாலு நாள் முன்னாடி ஊத்து ஊத்துன்னு ஊத்தினே, இப்ப ஒரு வாய்க்கு அளவு பார்க்கறே."

ஆஸ்பத்திரிச் சாப்பாடு வருது, ஆனா வாசனை தெரியாததால ரெண்டு வாய்க்கு மேல போகலை. கெட்டில் தங்கச்சி எழுதின சூப் நேத்து ஞாபகம் வந்துச்சு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, பக்கத்துத் தெரு மெஸ்ல அரை டம்ளர் மிளகு ரசம் வாங்கி, சோத்தோட குழைச்சு, ஒரு அவிச்ச முட்டை வெள்ளைக்கருவைப் பிச்சுப் போட்டுக் குடுத்தேன். முழுசாச் சாப்பிட்டாங்க. ஆறு நாள்ல முதல் தடவை. ரசத்துல உப்பு தூக்கலா இருந்துச்சு, டாக்டர் இந்த வாரம் பரவாயில்லைன்னார்.

வெந்நீர்கட்சி | 19 நவம்பர், இரவு 9.50

அப்ப பிரஷர்காரங்க சளி வந்தா உப்பு போட்டுக்கலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சிஸ்டர்.

நைட்டூட்டி | 20 நவம்பர், காலை 6.40

ஒரே வார்த்தையில சொல்ல வராது. வழக்கமா எவ்வளவு போடுவீங்களோ அவ்வளவு போடுங்க. சாப்பாடு பாதியாக் குறைஞ்ச நாள்ல, இருக்கற கஞ்சியிலயும் உப்பை எடுத்துட்டா உள்ள போற உப்பு அநேகமா ஒண்ணுமே இல்லாம போயிடும். அதுக்காக பாக்கெட் சூப்பை மூணு வேளையும் குடிக்கச் சொல்லலை. இதய வீக்கம், கிட்னி கோளாறு இருக்கறவங்களுக்கு இது எதுவும் பொருந்தாது, அவங்களுக்குத் தண்ணி அளவு டாக்டர் தனியா எழுதியிருப்பார். இன்னொண்ணு, மூக்கடைப்புக்கு வாங்கற மாத்திரையில பினைலெஃப்ரின் மாதிரி ஏதாவது இருக்கும், உப்பைவிட அதைத்தான் பிரஷர்காரங்க முதல்ல கேட்டு வாங்கணும்.

வெந்நீர்கட்சி | 20 நவம்பர், காலை 7.10

வார்த்தைய எண்ணினேன் சிஸ்டர், ஒண்ணுக்கு மேல இருக்கு.

ஆனா ஒத்துக்கறேன். என் வீட்டுக்காரி அட்டையைப் போய்ப் பார்த்தேன், அவளுக்கும் அந்த நீர் மாத்திரை இருக்கு. நிறுத்திடட்டுமா?

நைட்டூட்டி | 20 நவம்பர், காலை 7.15

நீங்களா நிறுத்தாதீங்க! லட்சக்கணக்கான பேர் நல்லபடியா போட்டுட்டிருக்கற மாத்திரை. சாப்பாடு இறங்காத நாள், வாந்தி பேதி வந்த நாள்ல என்ன செய்யணும்னு எழுதிக் குடுத்தவர்கிட்டயே கேட்டு வைங்க. அடுத்த தடவை ரத்தம் குடுக்கும்போது சோடியமும் பாருங்க. சுகர் சார் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்காரே, அந்தச் சீட்டு மாதிரி ஒண்ணு.

கெட்டில்மட்டும் | 21 நவம்பர், இரவு 10.20

நான் முழுசா சரியாயிட்டேன், பத்து நாள் ஆச்சு. அஞ்சாவது நாள் பசி தானா வந்துச்சு. ராத்திரி 11 மணிக்கு தயிர் சாதம் வேணும்னு அழுகை வர்ற அளவுக்குப் பசி. பால், தயிர் சளியைக் கூட்டும்னு ரூம்மேட் தடுத்தா. கேக்கலை. ஒண்ணும் ஆகலை.

பழையபேப்பர் | 21 நவம்பர், இரவு 10.45

அதுக்கும் ஆஸ்திரேலியாவில 1990ல் ஒரு சோதனை உண்டு. சளி வைரஸை வேணும்னே ஏத்திக்கிட்டவங்க எவ்வளவு பால் குடிச்சாங்க, எவ்வளவு மூக்கு சிந்தினாங்கன்னு எடை போட்டுப் பார்த்தாங்க. சம்பந்தமே தெரியலை. குடிச்சதும் தொண்டையில கோழை மாதிரி ஒரு வழவழப்பு வரும், அதைத்தான் சளின்னு நினைச்சுக்கறோம் போல. மூக்கு சிந்தின காகிதத்தை எடை போடற வேலைக்குக்கூட ஒரு ஆள் இருந்திருக்கான் பாருங்க, நான் ரெப் வேலையைக் குறை சொல்லிட்டு இருந்தேன்.

ஸ்கார்பரோ_கந்தையா | 22 நவம்பர், காலை 5.30

தயிரைப் பற்றி எண்ட மனுசிக்குச் சொல்லிப் பாருங்கோ. அவவை ஒரு சோதனையாலும் வெல்லேலாது.

ரசவாதி | 23 நவம்பர், மாலை 4.15

வீட்டுக்கு வந்தாச்சு, 134. பிரஷர் மாத்திரையை மாத்திக் குடுத்திருக்காங்க, நீர் மாத்திரை சேராதது. ஒரு வாரத்துல மறுபடி ரத்தம். இருமல் இன்னும் இருக்கு, அது ரெண்டு மூணு வாரம் இழுக்குமாம். தூக்கம்தான் இப்ப பிரச்சினை. ஆஸ்பத்திரியில நடு ராத்திரி ஊசி, விடியக்காலை ரத்தம்னு எழுப்பி எழுப்பிப் பழகிட்டாங்க. இப்ப ராத்திரி எட்டுக்கு மேல டம்ளர் கிடையாது, தலைக்கு ரெண்டு தலகாணி, ரூம்ல போன் கிடையாது. நேத்து ஒரே தடவைதான் எழுந்தாங்க.

ஃபிளாஸ்க்கைப் பரண்ல போட்டுட்டேன். அம்மா எடுத்து வரச் சொன்னாங்க, அது அப்பா வாங்கினதாம்.

ரசவாதி | 4 டிசம்பர், இரவு 8.50

137. ஆனா பிரஷர் 156/88க்குப் போயிடுச்சு, புது மாத்திரை பத்தலை. டோஸைக் கூட்டணுமா, பழைய நீர் மாத்திரைக்கே திரும்பணுமான்னு ரெண்டு டாக்டர் ரெண்டு விதமாச் சொல்றாங்க. ஒருத்தர் இனி அந்த ரகமே வேண்டாம்கறார். இன்னொருத்தர், அன்னைக்கு நடந்தது தண்ணியாலயும் பட்டினியாலயும்தான், மாத்திரை தனியா ஒண்ணும் பண்ணியிருக்காதுங்கறார். சிஸ்டர் என்ன நினைக்கறீங்க?

நைட்டூட்டி | 5 டிசம்பர், காலை 6.30

ஒரு தடவை அதுல சோடியம் இறங்கினவங்களுக்கு மறுபடி குடுத்தா இறங்கற வாய்ப்பு அதிகம், எங்க வார்டுல முதல் டாக்டர் கட்சிதான் பெரிசு. ஆனா முடிவு சொல்ற ஆள் நான் இல்லை. வேற ரகப் பிரஷர் மாத்திரை எத்தனையோ இருக்கு, அதைப் போட்டுப் பார்க்கலாமான்னு கேளுங்க.

ரசவாதி | 9 ஜனவரி, இரவு 9.30

இப்ப எனக்குச் சளி. டிபார்ட்மென்டை அம்மா எடுத்துக்கிட்டாங்க. காலையில ஒரு டம்ளர் சுக்குக் காபி, மதியம் ரசம் சோறு, ராத்திரி இட்லி ரெண்டு. "இன்னும் கொஞ்சம் வெந்நீர்"னு கேட்டேன். "தாகமா, பழக்கமா?"ன்னு கேட்டாங்க. யோசிச்சேன், பழக்கம்தான். ரசத்துல உப்பு பத்தலைன்னு சொன்னேன், மூக்கைச் சிந்திட்டு வந்து சொல்லுன்னாங்க.

மூணாவது ரக மாத்திரையில பிரஷர் 136க்கு வந்திருக்கு. வியாழக்கிழமை மறுபடி சோடியம். அன்னைக்கு வெறும் வயித்துலயா போகணும், காபி குடிச்சுட்டுப் போலாமான்னு அம்மா கேக்கறாங்க சிஸ்டர்.

நைட்டூட்டி | 10 ஜனவரி, காலை 6.25

சோடியத்துக்கு வெறும் வயிறு வேண்டாம். குடிச்சுட்டுப் போகட்டும்.